ப்ரிவ்யூல தெரியிற கலர் வாங்குனவங்க ஃபோன்லயும் வரணும்ல

கேள்வி: அக்கா வணக்கம். நான் உட்லண்ட்ஸ்ல இருக்கேன். வார நாள்ல லாஜிஸ்டிக்ஸ் வேலை, வார இறுதியில ஒரு கல்யாண ஃபோட்டோகிராஃபருக்கு அசிஸ்டெண்ட். நம்ம ஆளுங்க தோல் நிறத்துக்குன்னே படத்தோட கலரை ஒரே தட்டுல மாத்துற லைட்ரூம் மொபைல் ப்ரீசெட் 40 செஞ்சு, ஒரே பேக்கா 5 வெள்ளிக்கு ஆன்லைன்ல போட்டேன். கொஞ்சம் வித்துச்சு. ஆனா நாலு பேரு "படத்துல காட்டுன மாதிரி வரல"ன்னு காசைத் திருப்பிக் கேக்குறாங்க. போன வாரம் பார்த்தா ஒரு டெலிகிராம் குரூப்ல என் பேக் சும்மாவே சுத்துது. ப்ரிவ்யூ படம் எப்படிப் போடணும், என்ன விலை வைக்கணும், லைசென்ஸ்னு என்ன எழுதணும்? மாதிரிக்கு ரெண்டு ஃபைலும் முழு பேக்கும் அனுப்பியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க.

பதில்: தம்பி, ரெண்டு ஃபைலையும் ஃபோன்லயும் கம்ப்யூட்டர்லயும் திறந்து பார்த்தேன். அந்த நாலு பேரு பொய் சொல்லல. உங்க ப்ரீசெட்டும் மோசம்னு சொல்ல மாட்டேன், கண்ணுக்கு நல்லாவே இருக்கு. ஆனா நீங்க அதைச் செஞ்ச படம் ஒரு வகை, வாங்குனவங்க அதைப் போடுற படம் வேற வகை, கோளாறு அங்கதான். இதைச் சரி பண்ணாம ப்ரிவ்யூவை மட்டும் அழகாக்குனீங்கன்னா திருப்பிக் கேக்குறவங்க இன்னும் கூடத்தான் செய்வாங்க, ஏன்னா எதிர்பார்ப்பு ஏறிடும், கையில வர்றது அதேதான். அதனால முதல்ல ஃபைலைப் பார்ப்போம், மத்ததெல்லாம் பின்னாடி.

ப்ரீசெட்டைச் சேமிக்கிற எக்ஸ்எம்பி ஃபைலுங்கிறது வெறும் எழுத்து ஃபைல்தான், நோட்பேட்ல திறந்தாலே உள்ள என்ன இருக்குன்னு படிச்சிடலாம். உங்க முதல் ஃபைல்ல இந்த வரி இருந்துச்சு:

```
crs:WhiteBalance="Custom"
crs:Temperature="4850"
crs:Tint="+8"
```

இதைப் பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு, நீங்க இதைக் கேமராவுல ரா ஃபைல்ல, அதாவது கேமரா கலரை முடிவு பண்ணாத மூலப் படமா எடுத்த கல்யாணப் படத்து மேல செஞ்சிருக்கீங்க. ரா படத்துலதான் வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற கெல்வின் கணக்கு வரும். உங்ககிட்ட 5 வெள்ளி கொடுத்து வாங்குறவங்க பெரும்பாலும் ஃபோன்ல எடுத்த ஜேபெக் இல்லாட்டி எச்இஐசி படத்துலதான் போடுவாங்க, அதுல கலரை ஃபோனே முடிவு பண்ணிப் பதிச்சு வச்சிடும், கெல்வின்னு ஒன்னும் மிச்சம் இருக்காது, லைட்ரூம்லயும் அந்த ஸ்லைடர் மைனஸ் 100-லேருந்து ப்ளஸ் 100 வரைக்கும்தான் காட்டும். ஜேபெக் மேல செஞ்ச ப்ரீசெட்ல அதே இடத்துல இப்படி இருக்கும்:

```
crs:IncrementalTemperature="+6"
crs:IncrementalTint="-3"
```

அப்போ உங்க ப்ரிவ்யூல அந்தப் பொண்ணு முகத்துல தெரியிற இதமான மஞ்சள் இருக்கே, அது அந்த 4850-ல இருந்து வந்தது, ஜேபெக் படத்துக்கு அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல, அதனால வாங்குனவங்களுக்கு அது போய்ச் சேரவே இல்ல. சரி, ஒருத்தர் ரா-லயே எடுக்கிறவரா இருந்தா? அவருக்கு வேற தலைவலி. கோயில் மஞ்சள் பல்பு வெளிச்சத்துல எடுத்த படத்துக்கும் அதே 4850 போய் உக்காரும், மூஞ்சி எல்லாம் ஆரஞ்சு. ப்ளாக் கீழ வாய்ட் டெக் நிழல்ல எடுத்ததுக்கும் அதே 4850, இப்போ எல்லாரும் நீலம் பாரிச்சுப் போவாங்க. ஒயிட் பேலன்ஸுங்கிறது அந்தந்த இடத்து வெளிச்சத்தோட சமாச்சாரம், விக்கிற ப்ரீசெட்டுக்குள்ள அது இருக்கவே கூடாதுங்கிறது என் கருத்து. ப்ரீசெட் சேமிக்கும்போது ஒயிட் பேலன்ஸ் டிக்கை எடுத்துடுங்க. இதமான கலர் வேணும்னா கலர் கிரேடிங்ல, முக்கியமா நடுத்தர வெளிச்சத்துல, கொஞ்சம் மஞ்சள் ஏத்துங்க, அது ரா, ஜேபெக் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வேலை செய்யும்.

ப்ரொஃபைலும் இதே கதைதான். உங்க கேமராவுக்குன்னு இருக்கிற ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்து அது மேல ப்ரீசெட் கட்டியிருக்கீங்க, ஃபோன் ஜேபெக்குக்கு அந்த ப்ரொஃபைல் கிடையாது. அடித்தளமே மாறிப்போனா மேல நீங்க போட்ட கர்வ் எல்லாம் வேற மாதிரிதான் தெரியும். இன்னொன்னு, படத்துல ஒரு பகுதியை மட்டும் மாத்துற மாஸ்க் லைட்ரூம் மொபைல்ல காசு கட்டுறவங்களுக்குத்தான். இலவச ஆப் வச்சிருக்கிறவங்களுக்கு விக்கிறீங்கன்னா ப்ரீசெட்ல மாஸ்க் இருக்கக் கூடாது, இருந்தா விற்பனைப் பக்கத்துல மேலயே சொல்லிடணும்.

ரெண்டாவது ஃபைல்தான் எனக்கு ரொம்ப சுவாரசியம், ஏன்னா நீங்க சொல்ற "நம்ம தோல் நிறம்" அதுலதான் இருக்கு. ஆரஞ்சு சேச்சுரேஷன் மைனஸ் 28, ஆரஞ்சு லூமினன்ஸ் ப்ளஸ் 35. இது வெளிநாட்டு ப்ரீசெட்ல வழக்கமாப் பார்க்கிற சேர்க்கை தம்பி, வெளுத்த தோலை இன்னும் பால் மாதிரி காட்டுறதுக்காக வந்தது. மாநிறத் தோல்ல இதைப் போட்டா கன்னத்து மேட்டுல சாம்பல் பூசுன மாதிரி வரும், நிழல் பக்கம் மட்டும் சிவப்பாவே நிக்கும், ஏன்னா நம்ம தோல்ல நிழல் விழுற இடம் ஆரஞ்சைத் தாண்டி சிவப்பு ஸ்லைடர் பக்கம் போயிடுது, நீங்க ஆரஞ்சை மட்டும் தூக்கியிருக்கீங்க. அதோட விடல, தாலி, நெக்லஸ், சந்தனம், மஞ்சள் கயிறு எல்லாம் அதே ஆரஞ்சு மஞ்சள் வட்டாரத்துலதான் இருக்கு. உங்க ப்ரிவ்யூவையே 100 சதவீதம் ஸூம் பண்ணிப் பாருங்க, அந்தப் பொண்ணு கழுத்துல கிடக்கிற சங்கிலி பித்தளை மாதிரி இருக்கு. அவங்க அம்மா பார்த்தா சண்டைக்கு வருவாங்க.

நான் பண்றது என்னன்னா, தோலைப் பளிச்சுன்னு காட்ட ஆரஞ்சு ஸ்லைடரைத் தொடுறதைக் குறைச்சுட்டு, டோன் கர்வ்ல நடுப்பகுதியை லேசாத் தூக்குவேன். ஆரஞ்சு சேச்சுரேஷன் மைனஸ் 8-ஐத் தாண்ட மாட்டேன், லூமினன்ஸ் ப்ளஸ் 10-க்குள்ள, அதோட சிவப்பு லூமினன்ஸையும் கூடவே ஒரு 5 ஏத்துவேன், அப்போதான் வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் ஒரே ஆள் மூஞ்சி மாதிரி இருக்கும். இது சட்டம் இல்ல, ஆரம்பிக்க ஒரு இடம், அவ்வளவுதான். கடைசியில நகையும் குங்குமமும் நிஜக் கலர்ல நிக்குதான்னு பாருங்க, அது நின்னா தோலும் பெரும்பாலும் சரியா இருக்கும்.

இப்போ சோதிக்கிறது. ஒரு ஐஃபோன், ஒரு நடுத்தர விலை ஆண்ட்ராய்டு, ரெண்டுலயும் சாதா கேமரா ஆப்ல எடுங்க. மதியம் ஈஸ்ட் கோஸ்ட் வெயில், வாய்ட் டெக் நிழல், காப்பிக்கடை வெள்ளை ட்யூப் லைட், ராத்திரி சிராங்கூன் ரோடு தீபாவளி விளக்கு, இந்த நாலு வெளிச்சம் போதும், சிங்கப்பூர்ல ஒருத்தர் ஃபோன்ல எடுக்கிற படத்துல பாதிக்கு மேல இதுக்குள்ள வந்துடும்னு நினைக்கிறேன். ஆளுங்க மூணு பேராவது வேணும், நல்ல கறுப்பு, மாநிறம், வெளுப்புன்னு. எல்லாப் படத்துலயும் ப்ரீசெட்டைப் போட்டுட்டு எக்ஸ்போஷர் ஒன்னை மட்டும் நகத்துங்க. அதுக்கு மேல ரெண்டு மூணு ஸ்லைடரைத் தொட்டாத்தான் படம் நல்லா வருதுன்னா, அந்த ப்ரீசெட் அந்த வெளிச்சத்துக்கு இல்லன்னு எழுதி வச்சுக்குங்க. ராத்திரிப் படத்துலதான் நிறைய அடிபடும். ஃபோனே நைட் மோட்ல நிழலை எல்லாம் தூக்கி வச்சிருக்கும், அது மேல நீங்க ஷேடோஸ் ப்ளஸ் 60 போட்டா படம் சாயம் போன துணி மாதிரி ஆயிடும். 40 ப்ரீசெட்டையும் இப்படிப் போட்டுப் பார்த்தா எத்தனை தேறும்னு நினைக்கிறீங்க? எட்டுப் பத்து தேறுனா சந்தோஷப்படுங்க. விலையைப் பத்திப் பேசும்போது இது உதவும்.

ப்ரிவ்யூவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு அவசர விஷயம். நீங்க பேக்ல டிஎன்ஜி ஃபைலும் வச்சிருக்கீங்க, நல்லதுதான், டிஎன்ஜியை லைட்ரூம்ல திறந்து மூணு புள்ளியைத் தட்டி Create Preset கொடுத்தா வேலை முடிஞ்சிடும். ஆனா டிஎன்ஜிங்கிறது செட்டிங் மட்டும் இல்ல தம்பி, உள்ள முழுப் படமே இருக்கு. நீங்க அனுப்புனதுல யாரோ ஒரு கல்யாணப் பொண்ணோட படம் முழு சைஸ்ல, எடிட் பண்ணாத நிலையில இருக்கு. அது இப்போ வாங்குன எல்லார் ஃபோன்லயும் இருக்கு, டெலிகிராம் குரூப்லயும் இருக்கு. இன்னைக்கே அந்த ஃபைலை விற்பனைப் பக்கத்துலேருந்து இறக்குங்க. டிஎன்ஜிக்கு ஒரு ஆள் இல்லாத படம் போதும், உங்க ஃபோன்ல எடுத்த பூச்சரம், வாழை இலை, கலர் புடவை மடிப்பு, ஏதோ ஒன்னு. ஃபோன் ஜேபெக்லேருந்தே டிஎன்ஜி எக்ஸ்போர்ட் பண்ணுங்க, ஒயிட் பேலன்ஸ் As Shot-லயே இருக்கட்டும், மேல சொன்ன கெல்வின் தொல்லையும் வராது.

அந்தப் படத்தை உபயோகிக்கலாமாங்கிற கேள்வி ப்ரிவ்யூவுக்கும் சேர்த்துத்தான். சிங்கப்பூர்ல 2021 நவம்பர் 21-லேருந்து புது காப்புரிமைச் சட்டம். அதுக்கு முன்னாடி காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம்னா உரிமை பொதுவா எடுக்கச் சொன்னவங்களுக்கு, இப்போ வேற எதுவும் எழுதி ஒத்துக்கலைன்னா எடுத்தவங்களுக்கு. இதைக் கேட்டதும் "அப்போ என் படம்தானே"ன்னு தோணும், அவசரப்படாதீங்க. நீங்க அந்த ஃபோட்டோகிராஃபர்கிட்ட சம்பளத்துக்கு இருந்தா வேலையில எடுத்தது முதலாளிக்குத்தான், சம்பளம் இல்லாம ஒவ்வொரு வேலைக்கும்னு போறீங்கன்னா உங்களுக்குள்ள பேசிக்கிட்டது என்னங்கிறதைப் பொறுத்தது. உரிமை உங்களுதுன்னே வச்சுக்குவோம், அதுல இருக்கிறது இன்னொருத்தர் முகம், அடையாளம் தெரியிற முகம் தனிநபர் தரவுச் சட்டப்படி தனிநபர் தரவுதான், நீங்க விக்கிறதுக்காக அதைப் பயன்படுத்துறீங்க. கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஒத்துக்கிட்டவங்க ப்ரீசெட் விளம்பரத்துக்கு ஒத்துக்கல. நண்பர்களைக் கூப்பிட்டு எடுங்க, "இந்தப் படத்தை ப்ரீசெட் விக்கிறதுக்கு விளம்பரமா ஆன்லைன்ல போடுவேன், காசு வாங்கித்தான் விக்கிறேன், சரியா?"ன்னு வாட்ஸப்ல கேட்டு பதில் வாங்கி வச்சுக்குங்க. அது எழுத்துல இருக்கிற சம்மதம்தான்.

இப்போ ப்ரிவ்யூ. வாங்குனவங்க எடுக்கிற மாதிரியே ஃபோன்ல எடுத்த படம்தான் முதல் படமா நிக்கணும். கேமரா படம் வேணும்னா பின்னாடி ஒன்னு வைங்க, "கேமரா ரா"ன்னு மேலேயே எழுதுங்க. முன்னாடி பின்னாடி காட்டும்போது ரெண்டும் ஒரே ஃப்ரேம், ஒரே கிராப். "முன்னாடி"ங்கிற படத்தை வேணும்னே இருட்டாக்கி, கலரைச் செத்துப்போன மாதிரி பண்ணி வைக்கிற பழக்கம் நிறைய பேருகிட்ட இருக்கு, கெட்டிக்காரங்க கண்டுபிடிச்சிடுவாங்க, கண்டுபிடிக்காதவங்க வாங்கிட்டுப் பின்னாடி திட்டுவாங்க. "பின்னாடி" படத்துல தோல் ஸ்மூத் பண்றது, பரு எடுக்கிறது, வானத்துக்கு மாஸ்க் போடுறது எதுவும் கூடாது, ஏன்னா அது ப்ரீசெட்ல இல்ல. படத்து ஓரத்துல சின்னதா "ப்ரீசெட் + எக்ஸ்போஷர் 0.30 மட்டும், ஐஃபோன் ஜேபெக், வாய்ட் டெக் நிழல்"னு எழுதிடுங்க. இந்த ஒரு வரி எத்தனை கேள்வியை மிச்சப்படுத்தும்னு போட்டுப் பார்த்தா தெரியும். எக்ஸ்போர்ட் எஸ்ஆர்ஜிபி கலர் முறையில பண்ணுங்க, இல்லாட்டி சில ஃபோன்ல சிவப்பு தூக்கலா, சிலதுல மங்கலா தெரியும்.

ஒத்துவராத படம் ஒன்னையும் ப்ரிவ்யூல போடுங்க. ஆமா, நிஜமாத்தான் சொல்றேன். உதாரணத்துக்கு இந்த ப்ரீசெட் ராத்திரி நைட் மோட் படத்துல எப்படிக் கெட்டுப்போகுதுன்னு காட்டி "இதுக்கு இதைப் போடாதீங்க"ன்னு எழுதுங்க. நாலு பேரு வாங்காம போவாங்க, போகட்டும், அவங்கதான் நாளைக்குத் திருப்பிக் கேக்குறவங்க. அதோட ஒரு 15 நொடி ஸ்க்ரீன் ரெக்கார்டிங், ஃபோன்ல ஒரு படத்தைத் திறந்து ப்ரீசெட்டைத் தட்டுறது, நடுவுல வெட்டாம. படத்தை நம்பாதவங்க இதை நம்புவாங்க. முடிஞ்சா பேக்லேருந்து ஒரு ப்ரீசெட்டை இலவசமாவே கொடுங்க, அவங்க சொந்தப் படத்துல போட்டுப் பார்த்துட்டு வாங்கட்டும். ஆனா இலவசத்துக்குன்னு சுமாரான ஒன்னைத் தனியா செய்யாதீங்க, பேக்ல இருக்கிற நல்லதுல ஒன்னு.

பேக்கோட வர்ற வழிகாட்டியில ஒரு விஷயம் கண்டிப்பா இருக்கணும். இன்ஸ்டாகிராம்ல லிங்க்கைத் தட்டுறவங்க அந்த ஆப்புக்குள்ளயே திறக்கிற ப்ரவுசர்ல டவுன்லோட் பண்ணுவாங்க, பல நேரம் ஃபைல் ஒழுங்கா இறங்காது, "ஃபைல் வேலை செய்யல"ன்னு உங்களுக்கு மெசேஜ் வரும். சஃபாரில இல்லாட்டி க்ரோம்ல திறக்கச் சொல்லி முதல் வரியிலயே எழுதுங்க. டிஎன்ஜியை வாட்ஸப்ல படமா அனுப்புனா அது ஜேபெக்கா மாறிடும், செட்டிங் போயிடும், டாக்குமெண்டா அனுப்புனாத்தான் அப்படியே போகும்.

விலை. நீங்க விக்கிற இடம் ஒரு விற்பனைக்கு 10 சதவீதமும் அது மேல 50 காசும் எடுக்குதுன்னு வச்சுக்குவோம், இது ஒரு கணக்குக்கு, உங்க இடத்துல என்னன்னு பார்த்து மாத்திக்குங்க. 5 வெள்ளி பேக்ல 50 காசு பங்கு, 50 காசு நிலைக் கட்டணம், ஆக 1 வெள்ளி போயிடுச்சு, அஞ்சுல ஒரு பங்கு. அதே 12 வெள்ளின்னா 1.20 கூட 50 காசு, 1.70, உங்க கைக்கு 10.30 வரும். அதாவது 5 வெள்ளிக்கு 26 பேருக்கு வித்து வர்ற 104 வெள்ளி, 12 வெள்ளிக்கு 10 பேருக்கு வித்தாலே கிட்டத்தட்ட வந்துடுது. அந்த 26 பேருல ஆறு பேரு "எப்படி இன்ஸ்டால் பண்றது"ன்னு ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் போடுவாங்க, அந்த நேரத்துக்கு யாரு காசு தர்றது? கார்டு கம்பெனி வழியா ஒருத்தர் காசைத் திருப்பிக் கேட்டா தகராறுக் கட்டணம்னு தனியா வெட்டுவாங்க, அது பல இடத்துல உங்க 5 வெள்ளியை விடப் பெரிசு.

40 ப்ரீசெட் 5 வெள்ளிங்கிறது பார்க்கிறவங்களுக்கு என்ன சொல்லுதுன்னா "இதுல எதுவும் தனியா விக்காது"ன்னுதான் சொல்லுது. ஒருத்தர் நிஜமாப் பயன்படுத்துறது மூணோ நாலோ. நான் உங்க இடத்துல இருந்தா சோதனையில தேறுன எட்டை மட்டும் வச்சு, "மாநிறத் தோல், பகல் வெளிச்சம்"னு தெளிவாச் சொல்லி 12 வெள்ளிக்குப் போடுவேன். ராத்திரி விளக்குக்குன்னு தனியா நாலஞ்சு ஒழுங்காச் செஞ்சதுக்கப்புறம் அதை 9 வெள்ளிக்கு, ரெண்டும் சேர்த்து 17. மீதி இருக்கிற முப்பதைத் தூக்கிப் போட மனசு வராது, தெரியும், ஆனா விக்காதீங்க. இன்னொன்னு, "60 வெள்ளி"ன்னு போட்டு அடிச்சுட்டு "இன்னைக்கு மட்டும் 12"னு வருஷம் முழுக்க ஓட்டுறது வேண்டாம். இல்லாத தள்ளுபடியை இருக்கிற மாதிரி காட்டுறது இங்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நியாயமில்லாத வியாபார முறைகள்ல ஒன்னு. ப்ரிவ்யூல பொய் காட்டுறதும் அதே சட்டத்துக்குள்ளதான் வரும், அதனால "டிஜிட்டல் பொருள், காசு திருப்பித் தரப்படாது"ன்னு நீங்க எழுதி வச்சாலும் படம் ஒன்னு பொருள் ஒன்னுன்னா அந்த வரி உங்களைக் காப்பாத்தும்னு நம்பாதீங்க. "7 நாளைக்குள்ள எழுதுங்க, முதல்ல சரி பண்ணித் தர்றேன், முடியலைன்னா காசு திருப்பித் தர்றேன்"னு போடுங்க. ப்ரிவ்யூ நேர்மையா இருந்தா இந்த வரியை உபயோகிக்கிறவங்க ரொம்பக் கம்மி.

லைசென்ஸ்ல முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது, ஸ்லைடர் நம்பரைப் பூட்ட முடியாது. எக்ஸ்எம்பியை நான் நோட்பேட்ல திறந்த மாதிரி யாரும் திறப்பாங்க. வெறும் நம்பர் தொகுப்புக்குக் காப்புரிமை நிக்குமாங்கிறதும் உறுதியாச் சொல்ல முடியாத விஷயம். ஆனா உங்க ப்ரிவ்யூ படம், வழிகாட்டி பிடிஎஃப், அட்டைப்படம், நீங்க எழுதுன விவரம் எல்லாத்துக்கும் காப்புரிமை உண்டு, சந்தேகமே இல்ல. நம்பரைப் பொறுத்தவரைக்கும் உங்களைக் காக்கிறது வாங்குறவருக்கும் உங்களுக்கும் இடையில இருக்கிற ஒப்பந்தம்தான், அந்த ஒப்பந்தம் செல்லணும்னா காசு கட்டுறதுக்கு முன்னாடியே அவர் கண்ணுல படணும். நீங்க ஜிப் ஃபைலுக்குள்ள ஒரு டெக்ஸ்ட் ஃபைலா வச்சிருக்கீங்க, வாங்குனதுக்கு அப்புறம் காட்டுற நிபந்தனையை நிபந்தனைன்னு வாதாடுறது கஷ்டம். விற்பனைப் பக்கத்துலயே போடுங்க, முடிஞ்சா "ஒத்துக்கிறேன்"னு ஒரு டிக் பெட்டியும்.

எங்கேயோ இருந்து வக்கீல் இங்கிலீஷ் காப்பி பண்ணாதீங்க, படிக்கிறவங்களுக்குப் புரியிற மாதிரி இவ்வளவு போதும்:

"இந்த பேக் ஒருத்தருக்கு. உங்க சொந்த ஃபோன், டேப்லெட், கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் போட்டுக்கலாம். இதைப் போட்டு எடிட் பண்ண படத்தை நீங்க விக்கலாம், கஸ்டமருக்குக் கொடுக்கலாம், விளம்பரத்துல போடலாம், என் பேரைப் போட வேண்டிய அவசியம் இல்ல. ப்ரீசெட் ஃபைலை யாருக்கும் கொடுக்கவோ, பகிரவோ, விக்கவோ கூடாது, கொஞ்சம் மாத்தி வேற பேருல விக்கவும் கூடாது. ஒரே ஸ்டூடியோவுல அஞ்சு பேரு வரைக்கும் பயன்படுத்தணும்னா ஸ்டூடியோ லைசென்ஸ் வாங்குங்க."

கஸ்டமர் வேலைக்குப் பயன்படுத்தலாங்கிற வரியை விட்டுடாதீங்க. பல பேரு "சொந்த உபயோகத்துக்கு மட்டும்"னு எழுதிடுறாங்க, அப்புறம் கல்யாண ஃபோட்டோகிராஃபர் வாங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டுப் போயிடுவாங்க, அதிக விலை கொடுக்கத் தயாரா இருக்கிறவங்களே அவங்கதான். ஸ்டூடியோ விலை தனியாள் விலையில மூணு மடங்கு, 36 வெள்ளி வைங்க. நீங்க வேலை பார்க்கிற இடத்துலயே கேட்டுப் பார்க்கலாம். இன்னொருத்தர் பேக்கை வாங்கி அதுல ரெண்டு ஸ்லைடரை மாத்தி உங்க 40-ல ஏதாவது சேர்த்திருக்கீங்களான்னு நான் கேக்கல, சேர்த்திருந்தா எடுத்துடுங்க.

டெலிகிராம் விஷயத்துல, நம்பரைத் திருடிட்டாங்கன்னு புகார் எழுதாதீங்க, ஜிப்புக்குள்ள இருக்கிற உங்க பிடிஎஃப்பும் உங்க படமும் அனுமதியில்லாம பகிரப்படுதுன்னு எழுதுங்க, அந்தப் பிடி பலமானது. கல்யாணப் பொண்ணு படம் இருக்கிற டிஎன்ஜியை அந்தப் புகார்ல உங்க படம்னு காட்டாதீங்க, அதை எடுக்கச் சொல்றதுக்கு நீங்க முதல்ல உங்க ஃபோட்டோகிராஃபர்கிட்ட பேசியாகணும், கஷ்டமான பேச்சுதான், ஆனா அவருக்கு வேற யாரோ சொல்லித் தெரியக் கூடாது. இனிமே வாங்குறவங்களுக்குப் பிடிஎஃப்ல அவங்க ஈமெயிலைப் பக்கத்து ஓரத்துல அச்சாகுற மாதிரி வைங்க, பல விற்பனைத் தளத்துல இந்த வசதி இருக்கு. திருடுறவனை அது நிறுத்தாது, ஆனா சும்மா நண்பனுக்கு அனுப்புறவங்க தன் ஈமெயிலைப் பார்த்ததும் கொஞ்சம் யோசிப்பாங்க.

பேக் பேருல ஒரு ஃபிலிம் கம்பெனி பேரைப் போட்டிருக்கீங்க, அது அவங்க வணிகக் குறி, எடுத்துடுங்க. "லைட்ரூம் மொபைல்ல வேலை செய்யும்"னு எழுதுறது பரவாயில்ல, அவங்க லோகோவை அட்டையில ஒட்டாதீங்க. நீங்க ஐசில இருக்கிற முழுப் பேருலயே வித்தா தொழில் பதிவு பண்ற அக்ராவுல பதியத் தேவையில்ல, கடைக்குன்னு தனிப் பேரு வச்சுத் தொடர்ந்து விக்கிறீங்கன்னா பதியணும், ஒரு வருஷத்துக்குப் பேரும் பதிவும் சேர்த்து 115 வெள்ளி. பகல் வேலை கம்பெனியிலயும் வெளி வியாபாரம் பண்ணலாமான்னு ஒப்பந்தத்தைப் பார்த்துக்குங்க, வர்ற லாபத்தை வருமான வரியில காட்டணும். ஜிஎஸ்டி பத்திக் கவலை வேண்டாம், அது வருஷத்துக்கு பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டுறவங்களுக்கு.

அந்த நாலு பேருக்கு இப்போவே எழுதிடுங்க: "ஃபோன் ஜேபெக் படத்துக்கு ஒத்துவராத மாதிரி செஞ்சுட்டேன், காசைத் திருப்பி அனுப்பிட்டேன், சரி பண்ண பேக்கையும் தயாரானதும் அனுப்புறேன், போட்டுப் பார்த்துட்டு உங்க படத்துல எப்படி இருக்குன்னு மட்டும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவீங்களா?" மொத்தம் 20 வெள்ளி. நாலு வேற வேற ஃபோன்ல உங்க ப்ரீசெட் எப்படித் தெரியுதுன்னு பார்க்க அதை விட மலிவா ஒரு வழி எனக்குத் தெரியல.